இரண்டு ஆன்லைன் சந்தை, ஒரு கடை, ஒரே ஸ்டாக்: சிங்க் எந்த முறையில் ஓட வேண்டும்?

"15 நிமிடத்துக்கு ஒருமுறை சிங்க் ஓடுகிறது. அப்படியும் இல்லாத பொருளுக்கு ஆர்டர் விழுகிறது. 5 நிமிடமாகக் குறைக்கலாமா, வேறு மென்பொருள் வாங்கலாமா?" இரண்டு ஆன்லைன் சந்தைகளிலும் ஒரு கடையிலும் ஒரே சரக்கை விற்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்வி இது. மென்பொருளை மாற்றுவதற்கு முன் பார்க்க வேண்டியது வேறொன்று: எல்லா இடத்திலும் இருப்பு எண்ணை ஒன்றாக்கும் உங்கள் சிங்க், ஒவ்வொரு முறை ஓடும்போதும் சந்தைக்கு எதை அனுப்புகிறது? இதற்கு மூன்று வழிகள் உண்டு.

- கையில் இருக்கும் மொத்த எண்ணை அப்படியே எழுதுவது
- போன முறைக்குப் பிறகு கூடியதையும் குறைந்ததையும் மட்டும் அனுப்புவது
- சரக்கை முன்கூட்டியே மூன்றாகப் பங்கு பிரித்து, அவரவர் பங்கை மட்டும் காட்டுவது

எதைத் தேர்ந்தாலும் அதே 15 நிமிடம்தான். ஆனால் தவறும் விதம் மூன்றிலும் வேறு. கடையில் பில் போட மென்பொருள் இருக்கிறது, இரண்டு சந்தைகளும் (இங்கே 'அ', 'ஆ' என்போம்) ஏபிஐ வழியாகவோ கோப்பு வழியாகவோ இருப்பு எண்ணை மாற்ற விடுகின்றன, சரக்கு முழுக்க ஒரே இடத்தில் இருக்கிறது, சுமார் 600 பொருள்கள். இந்த அளவை மனதில் வைத்து எழுதியது இது.

## எதை வைத்து எடை போடுவது

முதலாவது, இடைவெளியில் நடப்பது. சிங்க் ஓடும் இடைவெளி 15 நிமிடம் என்பதால் தகவல் அதிகபட்சம் 15 நிமிடம்தான் பழையது என்று நினைக்கக் கூடாது. கடையில் சாமானை எடுத்துக் கொடுத்த நேரத்துக்கும் பில் போடும் நேரத்துக்கும் நடுவே 5 நிமிடம் போகலாம். 600 பொருளையும் முடிக்க சிங்கை நடத்தும் ஸ்கிரிப்டுக்கு 2 நிமிடம். கோப்பை வாங்கிக்கொண்ட சந்தை அதை உள்ளே ஏற்றி முடிக்க இன்னும் 8 நிமிடம். "பெற்றுக்கொண்டோம்" என்று பதில் வருவது ஒன்று, எண் உண்மையில் மாறுவது இன்னொன்று. கூட்டினால் 30 நிமிடம். நிஜமான இடைவெளி அதுதான். இடைவெளியை 5 ஆக்கினால் 30 என்பது 20 ஆகும், 5 ஆகாது. கடை பில்களைச் சாயங்காலம் மொத்தமாக ஏற்றும் பழக்கம் இருந்தால் இந்தக் கணக்கே வீண். அந்தப் பழக்கத்தை மாற்றாமல் எந்த முறையும் கைகொடுக்காது.

இரண்டாவது, ஓட்டம் பாதியில் நின்றாலோ ஒரே ஓட்டம் இருமுறை நடந்தாலோ எண் என்ன ஆகிறது.

மூன்றாவது, சரக்கு அலமாரியில் இருந்தும் சந்தையில் 'இல்லை' என்று காட்டுவதால் எவ்வளவு விற்பனை போகிறது.

நான்காவது, கடையில் நிற்பவர்களுக்கு எவ்வளவு கூடுதல் வேலை.

## வழி 1: மொத்த எண்ணை எழுதுவது

ஒரு பேரேடு இருக்கும். கடையின் பில், அ-வின் ஆர்டர், ஆ-வின் ஆர்டர், புதுச் சரக்கு எல்லாம் அதில் வந்து சேரும். மீதியைக் கணக்கிட்டு இரண்டு சந்தைகளிலும் அந்த எண்ணை எழுதுவோம். பெரும்பாலான தயார் மென்பொருள்களும் இதைத்தான் செய்கின்றன.

இதன் பலம், தன்னைத் தானே திருத்திக்கொள்வது. 10:00 ஓட்டம் செத்துப் போனாலும் 10:15 ஓட்டம் சரியான எண்ணை எழுதிவிடும். ஒரே எண்ணை இருமுறை அனுப்பினாலும் கெடுதல் இல்லை. 4 என்று இரண்டு தடவை எழுதினாலும் 4தான்.

பலவீனம், சந்தை தானாகக் குறைத்ததை நாம் அழித்துவிடுவது. ஒரு மேசை விளக்கை எடுத்துக்கொண்டு நிமிடம் நிமிடமாகப் பார்ப்போம்.

| நேரம் | நடந்தது | அலமாரியில் மிச்சம் | அ காட்டுவது |
|---|---|---|---|
| 9:45 | சிங்க் முடிந்தது | 5 | 5 |
| 9:50 | கடையில் 1 விற்றது | 4 | 5 |
| 10:00 | சிங்க் தொடக்கம். ஆர்டர்களை இழுத்தது, எதுவும் இல்லை. கணக்கு: 4 | 4 | 5 |
| 10:01 | அ-வில் 3 விற்றது. அ தானாகவே குறைத்துக்கொண்டது | 1 | 2 |
| 10:02 | விளக்கின் முறை வந்தது. ஸ்கிரிப்ட் 4 என்று எழுதியது | 1 | 4 |
| 10:09 | அ-வில் ஒருவர் 2 வாங்கினார் | −1 | 2 |

10:01-இல் அ சரியாகத்தான் குறைத்தது. அதன் மேல் இரண்டு நிமிடப் பழைய எண்ணை நாமே எழுதினோம். விற்றுப்போன உருப்படி உயிர்த்தெழுந்துவிட்டது. "சிங்க் ஓடின பிறகுதான் தப்பாகிறது" என்று யாராவது சொன்னால் பெரும்பாலும் இதுதான் காரணம்.

இதை முழுக்க ஒழிக்க முடியாது, ஆனால் மிகவும் சுருக்கலாம். மாறாத பொருளை அனுப்பவே வேண்டாம். போன முறை எழுதிய எண்ணும் இப்போதைய கணக்கும் ஒன்றென்றால் தொடாமல் விடுங்கள். குறைவான இருப்புள்ள பொருளை முதலில் அனுப்புங்கள். 200 உள்ள பொருள் 2 நிமிடம் காத்திருக்கலாம், 4 உள்ளது காத்திருக்கக் கூடாது. அந்தக் குறைந்த இருப்புப் பொருள்களுக்கு மட்டும், எழுதுவதற்குச் சற்று முன் ஆர்டர் பட்டியலை இன்னொரு முறை இழுத்துப் பாருங்கள். இரண்டு நிமிட ஓட்டை சில விநாடி ஆகிவிடும்.

பணம் இன்னும் உறுதியாகாத ஆர்டர்களிலும் இதே கோளாறு உண்டு. சந்தை அந்த உருப்படியைக் காட்சியிலிருந்து எடுத்திருக்கும். ஸ்கிரிப்ட் உறுதியான ஆர்டர்களை மட்டும் எண்ணினால் அதைத் திரும்ப விற்பனைக்கு வைத்துவிடும். நிலுவை ஆர்டர்களையும் கழித்துக்கொண்டு, ரத்தானால் மட்டும் திரும்பச் சேர்ப்பதுதான் சரி. திரும்பி வந்த சரக்கு அப்படியல்ல. பெட்டியைத் திறந்து பார்த்து, விற்கத்தக்கது என்று யாராவது சொல்லும்வரை அதைக் கூட்டக் கூடாது.

மறைந்திருக்கும் செலவு ஒன்று உண்டு. பேரேடு கெட்டால் எல்லாம் ஒரே நேரத்தில் கெடும். பில் மென்பொருள் கோப்பை எழுதி முடிக்கும் முன்பே ஸ்கிரிப்ட் அதைப் படித்துவிட்டால், பாதிக் கோப்பில் இல்லாத பொருள்களுக்கெல்லாம் 0 போகும். 300 பொருள்கள் ஒரே நொடியில் 'இருப்பு இல்லை' ஆகிவிடும். அதனால் கோப்பை வேறு பெயரில் எழுதி, முடிந்த பிறகு பெயர் மாற்றச் சொல்லுங்கள். ஒரே ஓட்டத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் பொருள்கள் 0-க்குப் போனால் எதையும் அனுப்பாமல் நின்று ஆளைக் கூப்பிடும்படி ஒரு தடையும் வையுங்கள்.

## வழி 2: வித்தியாசத்தை மட்டும் அனுப்புவது

அ-வில் 3 விற்றால் ஆ-வில் 3 குறை, கடைக் கணக்கில் 3 குறை. கடையில் 1 விற்றால் இரண்டு சந்தைகளிலும் 1 குறை. மேலே பார்த்த விளக்குக் கதையில் இந்த முறை தப்பித்திருக்கும். 10:02-க்கு அ-விடம் "1 குறை" என்று மட்டும் சொல்லியிருப்போம், 2 என்பது 1 ஆகியிருக்கும், 10:09-இல் 2 கேட்டவருக்குக் கிடைத்திருக்காது.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் பல சந்தைகள் "இத்தனை குறை" என்ற கட்டளையையே ஏற்பதில்லை, எண்ணைத்தான் வாங்கிக்கொள்ளும். அப்போது நீங்கள் தற்போதைய எண்ணைப் படித்து, கழித்து, திரும்ப எழுத வேண்டும். படிப்பதற்கும் எழுதுவதற்கும் நடுவே ஆர்டர் விழுந்தால் பழைய சிக்கலேதான். ஓட்டை சிறிது, அவ்வளவுதான்.

பெரிய கோளாறு, தவறு தங்கிவிடுவது. கையில் 8, அ-வில் 3 விற்றது, ஆ-விடம் "3 குறை" என்கிறோம். ஆ குறைத்துவிட்டது, ஆனால் பதில் வரும் வழியில் இணைப்பு அறுந்தது. ஸ்கிரிப்ட் தோல்வி என்று நினைத்து மறுபடி அனுப்புகிறது. ஆ 8-லிருந்து 5-க்கு வந்து, அங்கிருந்து 2-க்கு இறங்குகிறது. அலமாரியில் 5 இருக்கிறது. அடுத்த ஓட்டமும் அதற்கடுத்ததும் இந்த 2-இலிருந்துதான் கணக்கைத் தொடரும்.

கூடுதலாகக் காட்டினால் ஆர்டரை ரத்து செய்ய வேண்டிவரும், வாடிக்கையாளர் சத்தம் போடுவார், அன்றே தெரிந்துவிடும். குறைவாகக் காட்டினால் யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள், வியாபாரம் மட்டும் மெதுவாக வற்றும். வித்தியாச முறையில் இந்த இரண்டாவது வகைதான் மாதக்கணக்கில் சேர்ந்துகொண்டே போகும்.

ஆர்டர் இழுக்கும் எல்லையிலும் கவனம் வேண்டும். "போன ஓட்டத்துக்குப் பிறகு வந்தவை" என்று கச்சிதமாகக் கேட்டால், உங்கள் கடிகாரத்துக்கும் சந்தையின் கடிகாரத்துக்கும் உள்ள சில விநாடி வித்தியாசத்தில் ஓர் ஆர்டர் நழுவும். பட்டியலில் தாமதமாகத் தோன்றும் ஆர்டரும் நழுவும். அதனால் 30 நிமிடம் பின்னோக்கிக் கேட்க வேண்டும். அப்படிக் கேட்டால் பழைய ஆர்டர்கள் திரும்ப வரும், அவற்றை இருமுறை கழிக்காமல் தடுக்க வேண்டும். இதை ஸ்கிரிப்டின் நினைவில் வைப்பதைவிடத் தரவுத்தளத்திடம் விடுவது நல்லது. முதல் நான்கு நெடுவரிசைகளும் சேர்ந்து ஒரு தனித்துவச் சாவியாக இருக்கட்டும்:

```sql
INSERT INTO moves (channel, order_id, line_id, kind, sku, qty)
VALUES ('A', '7781', '1', 'sale', 'ML-07', -3)
ON CONFLICT (channel, order_id, line_id, kind) DO NOTHING;
```

இதே வரியை பத்து முறை ஓட்டினாலும் 3 ஒரே முறைதான் கழியும். ரத்தானால் `kind` இடத்தில் `cancel`, `qty` இடத்தில் `3` என்று இன்னொரு வரி சேரும், பழைய வரியை அழிக்க வேண்டாம். இந்தத் துண்டு வழி 2-க்காக எழுதியதுபோலத் தெரியும். வழி 1-இன் பேரேட்டுக்கும் இதுதான் சரியான அடித்தளம்.

## வழி 3: பங்கு பிரித்து வைப்பது

அலமாரியில் 5 இருக்கும்போது அ 5 காட்டுகிறது, ஆ 5 காட்டுகிறது, கடையிலும் 5 எடுத்துக் கொடுக்கலாம். 5 பொருளுக்கு 15 வாக்கு கொடுத்திருக்கிறோம். வழி 1, வழி 2 இரண்டிலும் இதே நிலைதான். பங்கு பிரித்தால் அ-வுக்கு 2, ஆ-வுக்கு 2, கடைக்கு 1. மூன்று இடமும் ஒரே நொடியில் விற்றுத் தீர்த்தாலும் 5-ஐத் தாண்டாது. சிங்க் ஒரு நாள் முழுக்க ஓடாவிட்டாலும் தாண்டாது. இந்த உறுதி மற்ற இரண்டிலும் கிடைக்காது.

அதற்கான விலை வெளிப்படை. அ-வில் 2-ம் தீர்ந்து 'இருப்பு இல்லை' என்று நிற்கும்போது ஆ-வின் 2 சும்மா இருக்கும். அடுத்த ஓட்டம் வரும்வரை அ-வில் வந்தவர் திரும்பிப் போவார்.

மறைந்திருக்கும் செலவு கடைக்குள் இருக்கிறது. கணினியில் பிரித்தால் போதாது. அலமாரியில் 5-ம் ஒன்றாக இருந்தால் கடையில் நிற்பவர் ஐந்தையும் விற்றுவிடுவார், அவரைக் குறை சொல்லவும் முடியாது. ஆன்லைன் பங்கு 4-ஐ எடுத்துப் பின்னால் தனிப் பெட்டியில் வைத்தால்தான் பங்கு உண்மையாகும். 600 பொருளுக்கும் இதைச் செய்வது நடக்காத காரியம்.

பங்கை மாற்றும்போது வரிசை முக்கியம். ஆ-விலிருந்து 1 எடுத்து அ-வுக்குக் கொடுக்க வேண்டுமென்றால் முதலில் ஆ-வைக் குறையுங்கள், குறைந்துவிட்டதா என்று திரும்பப் படித்துப் பாருங்கள், அதன் பிறகே அ-வைக் கூட்டுங்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் அனுப்பினால் அ கூடியும் ஆ குறையாமலும் இருக்கும் சில நிமிடங்களில் அதே உருப்படி இரண்டு இடத்திலும் விற்கும். குறைக்கும் கட்டளை தோற்றுப்போனால் கூட்டும் கட்டளையை அனுப்பவே கூடாது.

## மூன்றும் அருகருகே

| | மொத்த எண் | வித்தியாசம் | பங்கு |
|---|---|---|---|
| இடைவெளியில் கூடுதல் விற்பனை | நடக்கும், எழுதும்போது மோசமாகலாம் | நடக்கும் | நடக்காது |
| ஓட்டம் தவறினால் | அடுத்த ஓட்டத்தில் சரியாகும் | தவறு தங்கிவிடும் | ஆபத்தில்லை, பங்கு மட்டும் பழசாகும் |
| இருமுறை ஓடினால் | பாதிப்பில்லை | இருமுறை கழியும் | பாதிப்பில்லை |
| காட்டாமல் போகும் விற்பனை | ஒதுக்கீட்டின் அளவு மட்டும் | தொடக்கத்தில் இல்லை, பிறகு சேரும் | அதிகம் |
| கடையில் கூடுதல் வேலை | உடனுக்குடன் பில் | உடனுக்குடன் பில், அடிக்கடி எண்ணிப் பார்ப்பது | தனிப் பெட்டி |

முதல் வழியில் 'ஒதுக்கீடு' என்றது, உண்மை எண்ணைவிடச் சற்றுக் குறைத்துக் காட்டுவதை. அதை மனம்போன போக்கில் 2, 5 என்று வைக்காதீர்கள். கடந்த 30 நாள் ஆர்டர்களை எடுத்து, எந்த 30 நிமிடத் துண்டிலாவது அந்தப் பொருள் மூன்று இடங்களிலும் சேர்த்து அதிகபட்சம் எத்தனை விற்றது என்று பாருங்கள். விளக்கு 3 என்றால் ஒதுக்கீடு 3. சராசரி இங்கே உதவாது. 12 மணி நேரத்தில் 12 விற்கும் விளக்கின் சராசரி அரை மணிக்கு 0.5தான், ஆனால் ஒரே ஆள் 3 வாங்கும் நாள்தான் உங்களைக் கவிழ்க்கும்.

## யாருக்கு எது

எல்லாப் பொருளும் 50, 100 என்று கையில் இருந்து, தீரும் முன்பே புதுச் சரக்கு வந்துவிடும் கடைக்கு வழி 1 மட்டுமே போதும்.

ஒவ்வொன்றும் ஒரே ஒரு உருப்படி என்ற வகைக்கு, அதாவது பழைய பொருள்கள், கைவேலைப் பொருள்கள், கடைசி அளவுத் துணிகள் போன்றவற்றுக்கு, வழி 3. ஒரு உருப்படியைப் பங்கு பிரிக்க முடியாது என்பதால் ஒரே இடத்தில் மட்டும் காட்டுங்கள். அங்கே பத்து நாள் நின்றால் அடுத்த இடத்துக்கு மாற்றலாம். சந்தையில் பொருளின் பக்கத்தை வைத்துக்கொண்டே எண்ணை மட்டும் 0 ஆக்கினால் பக்கத்தை மறுபடி போடும் வேலை மிச்சம்.

வித்தியாச முறையை வெளியே அனுப்புவதற்குப் பரிந்துரைக்க எனக்கு மனம் வரவில்லை. பில் மென்பொருள் மொத்த இருப்பைத் தர மறுத்து, விற்பனைப் பட்டியலை மட்டும் தருமானால் வேறு வழியில்லை. அப்போதும் ஒரு முறை கையால் எண்ணித் தொடக்க எண்ணைப் போட்டு, அந்தப் பட்டியலைக் கொண்டு நீங்களே ஒரு பேரேடு கட்டிக்கொண்டால் வழி 1-க்கு மாறிவிடலாம்.

நிறைய இருப்பவையும் ஒன்றிரண்டே இருப்பவையும் கலந்த சரக்குள்ள கடைக்கு, பெரும்பாலானவை அப்படித்தான், இந்தக் கலவை நன்றாக நிற்கும்: உள்ளே ஒவ்வொரு அசைவும் ஒரு வரி, வெளியே மொத்த எண், கடைசிச் சில உருப்படிகள் மட்டும் பங்கு. விளக்கையே எடுத்துக்கொண்டால், 20 இருக்கும்போது இரண்டு சந்தையிலும் 17 காட்டும். ஒதுக்கீட்டின் இரு மடங்கான 6-க்கு இறங்கியதும் அ 2, ஆ 2, கடை 2 என்று பங்காகும். அந்த ஓட்டத்திலேயே கடைக்கு "ML-07: 4 எடுத்து ஆன்லைன் பெட்டியில் வை" என்று ஒரு சீட்டு அச்சாக வேண்டும். இந்த மாற்றத்தில் இரண்டு சந்தைகளிலும் எண் குறையத்தான் செய்கிறது, அதனால் இடையில் ஆபத்து இல்லை. திரும்பப் பொது எண்ணுக்கு மாறுவதை 6-இல் வைக்காமல் 10-இல் வையுங்கள். இல்லையென்றால் ஒரு ரிட்டர்ன் வருவதும் ஒன்று விற்பதுமாக 6-க்கும் 7-க்கும் நடுவே ஆடி, கடைக்காரர் பெட்டியைத் தூக்கித் தூக்கி வைத்துக்கொண்டிருப்பார். ஒரு நேரத்தில் 600-இல் 30, 40 பொருள்தான் பெட்டியில் இருக்கும்.

## எந்த வழியானாலும்

ஒரு ஓட்டம் முடியும் முன் அடுத்தது தொடங்கக் கூடாது. இரண்டும் சேர்ந்து ஓடினால் பழைய கணக்கு புதிய கணக்கின் மேல் எழுதப்படும். லினக்ஸில் ஒரு வரி போதும்:

```
*/15 * * * * flock -n /tmp/stock.lock /opt/stock/sync.sh
```

முந்தைய ஓட்டம் பூட்டை வைத்திருந்தால் புதியது சத்தமில்லாமல் விலகிவிடும். அந்த மௌனமே ஆபத்தும்கூட. ஒரு ஓட்டம் தொங்கிப்போனால் பிறகு எதுவுமே ஓடாது, பிழைச் செய்தியும் வராது. அதனால் தோல்விக்கு மட்டும் எச்சரிக்கை வைத்தால் போதாது. "கடைசியாக வெற்றிகரமாக முடிந்து 30 நிமிடம் ஆகிவிட்டது" என்பதைத் தனியாக ஒன்று பார்த்துச் சொல்ல வேண்டும், அதுவும் சிங்க் ஓடும் அதே கணினியில் இல்லாமல்.

கோப்பு வழியாக ஏற்றுபவர்கள் பொருள் குறியீட்டைக் கவனியுங்கள். எக்செலில் திறந்து சேமித்தால் 00123 என்பது 123 ஆகிவிடும், நீளமான பார்கோடு எண் 8.9E+12 என்று சுருங்கிவிடும். சந்தை அந்த வரியை மட்டும் தள்ளிவிட்டு மற்றவற்றை ஏற்கும். 600-இல் 12 பொருள் மட்டும் மாதக்கணக்கில் மாறாமல் நின்றால் முதலில் இதைப் பாருங்கள்.

இரவில் ஆர்டர் குறைவான நேரத்தில் அ, ஆ இரண்டும் காட்டும் எண்ணைத் திரும்பப் படித்து, அவை காட்ட வேண்டிய எண்ணோடு ஒப்பிடும் ஓட்டம் ஒன்று இருக்கட்டும். வாரம் ஒருமுறை குறைந்த இருப்புள்ள 20 பொருளைக் கையால் எண்ணிப் பேரேட்டோடு ஒப்பிடுங்கள். வித்தியாசம் எந்தப் பக்கம் என்பதே காரணத்தைக் காட்டிக் கொடுக்கும். சந்தை காட்டுவது கூடுதல் என்றால், நிலுவை ஆர்டரை விட்டிருக்கிறீர்கள் அல்லது பழைய எண்ணை மேலே எழுதியிருக்கிறீர்கள். பேரேடு அலமாரியைவிடக் குறைவு என்றால், ஓர் ஆர்டர் இருமுறை கழிந்திருக்கிறது அல்லது சோதித்து வைத்த ரிட்டர்ன் பதிவாகவில்லை. பேரேடு அலமாரியைவிடக் கூடுதல் என்றால் பில் போடாமல் போன சாமான், உடைந்தது, அல்லது இரண்டு உருப்படி கொண்ட கட்டு ஒன்று விற்றபோது 2-க்குப் பதில் 1 மட்டும் கழிந்தது. இதில் கடைசியைத்தான் பலரும் தேடாமல் விடுகிறார்கள். கட்டுக்குத் தனி இருப்பு வைக்கவே கூடாது: கையில் 7 விளக்கு இருந்தால் இரட்டைக் கட்டு 3 என்று காட்ட வேண்டும், ஒரு கட்டு விற்றால் பேரேட்டில் விளக்கு 2 கழிய வேண்டும்.